வெட்டாத கல்லுக்கும் வாடகை

கரூர், நாமக்கல் பக்கம் பட்டா நிலத்தில் கல்குவாரி போட நினைப்பவர் நிலத்துக்காரரோடு பேச உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 50 ரூபாய் என்று விலை முடிந்துவிடுகிறது. எழுந்திருக்கும் நேரத்தில் நிலத்துக்காரர் ஒன்று சொல்கிறார்:

"டன்னுக்கு அம்பது ரூபா சரிங்க. ஆனா நீங்க வெட்டுனாலும் வெட்டாட்டியும் வருசத்துக்கு ஆறு லட்சம் எனக்கு வந்துரோணும்."

"வந்துருமுங்க. ஆனா வெட்டாத கல்லுக்குக் குடுத்த காசைப் பின்னாடி வெட்டுற கல்லுல கழிச்சுக்குவேனுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ராயல்டி கணக்கு முழுதும் அடங்கியிருக்கிறது. எடுக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று கொடுப்பது ராயல்டி. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்பது குறைந்தபட்ச வாடகை. டெட் ரென்ட் என்றும் சொல்வார்கள். ராயல்டி அந்த வாடகையைத் தொடாத வருடத்தில், கைக்காசு போட்டு நிரப்பிய வித்தியாசத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் ஷார்ட்வொர்க்கிங்ஸ் என்று பெயர். நாம் பற்றாக்குறை என்று சொல்லிக்கொள்ளலாம். அதைப் பின்வரும் வருடங்களில் கழித்துக்கொள்ளும் உரிமை குவாரிக்காரர் கேட்டது. கேட்டால் மட்டும் போதாது, பத்திரத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த உரிமையே கிடையாது, கொடுத்தது கொடுத்ததுதான்.

நிலத்துக்காரர் ஏன் இதில் பிடிவாதமாக இருக்கிறார் என்பதற்கு இந்த ஏற்பாடு வளர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நிலம் யாருடையதோ, அடியில் கிடக்கும் நிலக்கரியும் அவருடையது. பிரபுக்களும் பண்ணையார்களும் தாங்களே சுரங்கம் தோண்டாமல் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவர் சுரங்கம் தோண்டி முடிக்கவே சில வருடம் ஆகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பக்கத்தில் ஏற்கெனவே சுரங்கம் வைத்திருப்பவர், போட்டியாளர் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த நிலத்தையும் வளைத்துப் போட்டுவிட்டு ஒரு கூடை கரிகூட எடுக்காமல் இருக்கலாம். ராயல்டி மட்டும்தான் வரும்படி என்றால் நிலத்துக்காரர் வாயில் மண். அதனால்தான் ஒரு அடித்தொகை. 'எடுக்காத கரிக்கும் கொடுக்கிறேனே' என்று கம்பெனிக்காரர் முறையிட்டபோது, பின்னால் எடுக்கும் கரியில் கழித்துக்கொள்ள இடம் விட்டார்கள். கணக்குப் பாடத்தில் இன்றும் நம் மாணவர்கள் போடும் பதிவுகள் இந்தப் பேரத்தின் எச்சம். அந்தப் பிரபுக்களின் ராயல்டி போய்விட்டது: 1919-இல் சாங்கி கமிஷன் அதை அரசுடைமையாக்கச் சொன்னது, 1938-இல் சட்டம் வந்தது, 6 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு நஷ்டஈடு கொடுத்து 1942 ஜூலை 1 அன்று அரசு எடுத்துக்கொண்டது.

இனி நம் குவாரிக்கே வருவோம். டன்னுக்கு 50, அடித்தொகை 6 லட்சம். அப்படியென்றால் வருடத்துக்கு 12,000 டன் எடுத்தால் இரண்டும் சமம். அதற்குக் கீழே போனால் பற்றாக்குறை, மேலே போனால் உபரி. இந்த 12,000-ஐத்தான் குவாரிக்காரர் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் இப்படிப் போனதாக வைத்துக்கொள்வோம்:

| வருடம் | எடுத்த டன் | ராயல்டி (ரூ.) | 6 லட்சத்தோடு ஒப்பிட்டால் |
|---|---|---|---|
| 1 | 4,000 | 2,00,000 | 4,00,000 குறைவு |
| 2 | 9,000 | 4,50,000 | 1,50,000 குறைவு |
| 3 | 14,000 | 7,00,000 | 1,00,000 கூடுதல் |
| 4 | 17,000 | 8,50,000 | 2,50,000 கூடுதல் |
| 5 | 20,000 | 10,00,000 | 4,00,000 கூடுதல் |

முதல் வருடம் மேல்மண் அள்ளவும் பாதை போடவும் போய்விடும். கல் குறைவாகத்தான் வரும். அந்த வருடம் நிலத்துக்காரருக்கு 6 லட்சம் கொடுத்தாக வேண்டும். கணக்கில் இதை மூன்று இடமாகப் பிரிப்பார்கள்: ராயல்டி கணக்கில் பற்று 2 லட்சம், ஷார்ட்வொர்க்கிங்ஸ் கணக்கில் பற்று 4 லட்சம், நில உரிமையாளர் கணக்கில் வரவு 6 லட்சம். ராயல்டி 2 லட்சமும் வருடக் கடைசியில் உற்பத்திக் கணக்குக்குப் போகும். மீதி 4 லட்சம் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் ஏறி உட்காரும்.

கொடுத்துவிட்ட பணம் எப்படிச் சொத்தாகும் என்று கேட்கலாம். இந்த 4 லட்சத்தைக் காட்டி, எடுக்கப்போகும் 8,000 டன் கல்லுக்கு ராயல்டி கொடுக்காமல் இருக்கலாம் என்பதால்தான். அந்த உரிமை இருக்கும்வரை அது சொத்து.

பிரிக்காமல் ஆறு லட்சத்தையும் உற்பத்திக் கணக்கிலேயே போட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்? முதல் வருடம் ஒரு டன் கல்லின் ராயல்டிச் செலவு 50 ரூபாய்க்குப் பதில் 150 ரூபாய் என்று காட்டும். அந்த எண்ணை நம்பி ஜல்லிக்கு விலை சொன்னால் பக்கத்து கிரஷர்காரர் ஆர்டரை அள்ளிக்கொண்டு போய்விடுவார். மூன்றாம் வருடம் இது தலைகீழாகும்: 14,000 டன்னுக்கு 6 லட்சம்தான் கொடுத்தோம் என்று டன்னுக்கு 43 ரூபாய்க்கும் கீழே வரும். கல்லும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, கணக்கு மட்டும் ஆடியிருக்கிறது.

மூன்றாம் வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ராயல்டி 7 லட்சம். உபரியாக வந்த 1 லட்சத்தை மட்டும் பழைய பற்றாக்குறையில் கழித்துக்கொண்டு, நிலத்துக்காரருக்கு 6 லட்சம் கொடுக்கிறார்கள். கணக்கில் ராயல்டி பற்று 7 லட்சம். அதற்கு எதிரே நில உரிமையாளர் வரவு 6 லட்சம், ஷார்ட்வொர்க்கிங்ஸ் வரவு 1 லட்சம். ஷார்ட்வொர்க்கிங்ஸ் கணக்கில் ஐந்தரை லட்சம் கிடக்கிறதே, எல்லாவற்றையும் இந்த வருடமே கழித்துவிடலாமே என்றால் முடியாது. கழிவு அடித்தொகைக்கு மேலே உள்ள உபரியிலிருந்துதான். எந்த வருடமும் நிலத்துக்காரர் கைக்குப் போவது ஆறு லட்சத்துக்குக் கீழே இறங்காது. அந்த உறுதிக்காகத்தானே அவர் பேரமே பேசினார்.

இதுவரை சொன்னதில் சண்டைக்கு இடமில்லை. சண்டை தொடங்குவது எத்தனை வருடத்துக்குள் கழிக்கலாம் என்ற இடத்தில். பத்திரங்களில் இது மூன்று விதமாக வரும்.

ஒன்று, குத்தகையின் முதல் மூன்று வருடத்துக்குள் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நிலையான கெடு வைப்பது. நம் குவாரியில் அந்தக் கெடுவுக்குள் கழிந்தது மூன்றாம் வருடத்து 1 லட்சம் மட்டுமே. மீதி நாலரை லட்சம் மூன்றாம் வருடக் கடைசியில் செத்துப்போகிறது. நாலாம் வருடம் இரண்டரை லட்சம் உபரி வந்தாலும் அதைத் தொட முடியாது. ஐந்து வருடத்தில் நிலத்துக்காரருக்குப் போனது 36,50,000 ரூபாய். வெட்டிய கல்லுக்கு உண்டான ராயல்டி 32 லட்சம்தான்.

இரண்டாவது, நகரும் கெடு. ஒவ்வொரு வருடத்துப் பற்றாக்குறையையும் அதற்கு அடுத்த இரண்டு வருடத்துக்குள் கழிக்கலாம். முதல் வருடத்து 4 லட்சத்துக்கு மூன்றாம் வருடம்வரை உயிர். அதில் 1 லட்சம் கழிந்து 3 லட்சம் போகிறது. இரண்டாம் வருடத்து ஒன்றரை லட்சத்துக்கு நாலாம் வருடம்வரை உயிர் இருப்பதால், அந்த வருட உபரியில் முழுதும் கழிந்துவிடுகிறது. மொத்தம் போனது 35 லட்சம்.

மூன்றாவது, குத்தகை உள்ளவரை எப்போது வேண்டுமானாலும் கழிக்கலாம் என்பது. மூன்றாம் வருடம் 1 லட்சம், நாலாம் வருடம் இரண்டரை, ஐந்தாம் வருடம் மிச்சமிருக்கும் 2 லட்சம். போனது சரியாக 32 லட்சம். அடித்தொகை இங்கே நிலத்துக்காரருக்கு ஒரு முன்பணம்போல ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதே பாறை, அதே லாரி, அதே டன். ஒரு வரி மாறியதில் நாலரை லட்சம் வித்தியாசம். டன் விலையில் ஐந்து ரூபாய் குறைக்க அரை நாள் பேரம் பேசுகிறவர்கள் இந்த வரியைப் பத்திரம் எழுதுபவர் கையில் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

நகரும் கெடுவில் இன்னொரு கண்ணியும் உண்டு. மூன்றாம் வருடத்து உபரி 1 லட்சத்தை எந்த வருடத்துப் பற்றாக்குறையில் கழிப்பது? பழையது முதலில் என்று முதல் வருடத்ததில் கழித்தால்தான் மேலே சொன்ன 35 லட்சம் வரும். கணக்குப்பிள்ளை கவனிக்காமல் இரண்டாம் வருடத்ததில் கழித்துவிட்டால், முதல் வருடத்து 4 லட்சமும் அந்த வருடக் கடைசியில் அப்படியே அழிந்துபோகும். நாலாம் வருடம் கழிக்க மிச்சமிருப்பது 50,000 மட்டும். இதில் நஷ்டம் 1 லட்சம். அதனால் 'பழையது முதலில்' என்ற இரண்டு சொல்லையும் பத்திரத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

இதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளிதானது. ஷார்ட்வொர்க்கிங்ஸ் பேரேட்டில் ஒரே மொத்தமாக 4,50,000 என்று நிற்கக் கூடாது. எந்த வருடத்தது எவ்வளவு, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் காலாவதி என்று ஒரு தனிப் பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத அலுவலகத்தில் செத்த தொகை பல வருடம் சொத்தாகவே நின்றுகொண்டிருக்கும், லாபமும் அந்த அளவுக்குப் பொய்யாக இருக்கும். காலாவதியான தொகையை அந்த வருடமே இலாப நட்டக் கணக்குக்கு மாற்றி ஷார்ட்வொர்க்கிங்ஸ் கணக்கை இறக்கிவிட வேண்டும். உற்பத்திக் கணக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. அது இந்த வருடக் கல்லின் செலவு இல்லை, நிலத்தைப் பிடித்துவைத்திருந்ததற்கான செலவு.

நல்ல ஆடிட்டர் காலாவதிவரைகூடக் காத்திருக்க மாட்டார். நிலையான கெடு உள்ள பத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடக் கடைசியில் சொத்துப் பக்கம் ஐந்தரை லட்சம் நிற்கிறது. அதை முழுதும் கழிக்க இன்னும் ஒரே ஒரு வருடம்தான் இருக்கிறது. அந்த வருடம் ராயல்டி பதினொன்றரை லட்சம் வர வேண்டும், அதாவது 23,000 டன் வெட்ட வேண்டும். போன வருடம் 9,000 டன் வெட்டிய குவாரி அது. இருக்கிற மெஷினை வைத்து அடுத்த வருடம் எவ்வளவு வெட்ட முடியும் என்று ஆடிட்டர் கேட்பார். பதினாலாயிரம் என்று பதில் வந்தால், நாலரை லட்சம் திரும்பி வராது என்பது இன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த நட்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளாமல் இப்போதே ஒதுக்கு வைக்கச் சொல்வார். பாடப்புத்தகக் கணக்குகளில் கெடு முடியும் வருடத்தில்தான் எழுதித் தள்ளுவார்கள். பரீட்சைக்கு அது போதும். வங்கிக்குக் காட்டும் இருப்புநிலைக் குறிப்புக்கு முன்னெச்சரிக்கை என்ற விதி இருக்கிறது.

குத்தகை வருடமும் கணக்கு வருடமும் ஒன்றாக இல்லாதபோது இன்னொரு தலைவலி. பத்திரம் ஜூலை 1-இல் தொடங்கினால், மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும்போது குத்தகை வருடத்தில் மூன்று மாதம் பாக்கி இருக்கும். ஆறு லட்சம் என்பது வருடத்துக்கு உண்டான தொகை. கடைசி மூன்று மாதத்தில் நிறைய வெட்டிவிட்டால் பற்றாக்குறையே இல்லாமலும் போகலாம். ஒன்பது மாதத்துக்கு நாலரை லட்சம் என்று விகிதம் போட்டு வருவது ஒரு மதிப்பீடுதான், ஜூன் 30-இல் திருத்த வேண்டியது. பத்திரம் எழுதும்போதே குத்தகை வருடத்தை ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று வைத்துக்கொண்டால் இந்த வேலை மிச்சம்.

நிலத்துக்காரர் பக்கம் இதே கதை கண்ணாடியில் பார்த்ததுபோல. முதல் வருடம் அவர் கையில் 6 லட்சம் வந்தாலும் உறுதியாக அவருடைய வருமானம் 2 லட்சம்தான். மீதி 4 லட்சம் ஒரு நிறுத்திவைப்புக் கணக்கில் இருக்க வேண்டியது; கெடு முடிந்த பிறகுதான் அது முழுதும் அவருடையது. பெரும்பாலோர் அப்படி எழுதுவதில்லை, அதில் தப்பு சொல்லவும் முடியாது. கிராமத்தில் பேரேடு வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆனால் மூன்றாம் வருடம் லாரி லாரியாகக் கல் போவதைப் பார்த்துவிட்டு, கைக்கு அதே ஆறு லட்சம் வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அவர் கேட்க வேண்டியது எடைமேடைச் சீட்டும் நடைச்சீட்டும். லாரி வெளியே போக நடைச்சீட்டு வேண்டும் என்பதால், அந்த எண்ணிக்கையும் குவாரிக்காரர் சொல்லும் டன்னும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். ஒத்துப்போனால் பாக்கி வெறும் கழித்தல் கணக்குதான்.

வேலைநிறுத்தம், விபத்து, கோர்ட்டுத் தடை என்று குவாரி மூடிக் கிடந்தால் என்ன செய்வது? நின்ற மாதங்களுக்கு ஏற்ப அடித்தொகையும் குறையும் என்று பல பத்திரங்களில் போடுவார்கள். நம் கணக்கில் இரண்டாம் வருடம் மூன்று மாதம் வேலை நின்றதால்தான் 9,000 டன்னோடு போயிற்று என்று வைத்துக்கொண்டால், அந்த வருட அடித்தொகை 4,50,000 ஆகிவிடும். ராயல்டியும் 4,50,000. பற்றாக்குறையே இல்லை. பார்க்க வேண்டியது இதன் பலன் யாருக்கு என்பதை. நிலையான கெடு உள்ளவருக்கு இதில் முழுசாக ஒன்றரை லட்சம் மிச்சம். மற்ற இரண்டு வகையிலும் ஐந்து வருட மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட மாறாது. அந்த ஒன்றரை லட்சம் எப்படியும் பின்னால் கழிந்திருக்கும், இப்போது முன்கூட்டியே கையில் நிற்கிறது. ஆகவே கெடு இறுக்கமாக இருக்கும் பத்திரத்தில்தான் இந்த ஷரத்துக்காக மல்லுக்கட்ட வேண்டும். எத்தனை நாள் நின்றால் நின்றதாகக் கொள்வது, மழைக்கு நின்றது சேருமா, குவாரிக்காரர் தப்பால் அதிகாரிகள் நிறுத்திவைத்தது சேருமா என்பதையெல்லாம் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

இவ்வளவும் தனியாருக்கும் தனியாருக்கும் இடையே. அரசிடம் சுரங்கக் குத்தகை எடுத்தால் கதை வேறு. 1957-ஆம் வருடத்துச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் ராயல்டிக்கு 9-ஆம் பிரிவு உண்டு. 1972-இல் அதில் 9-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். டெட் ரென்ட் அதில்தான் வருகிறது. குத்தகைப் பரப்பில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். ராயல்டி, டெட் ரென்ட் இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். வருடா வருடம் தனித்தனி ஒப்பீடு. போன வருடம் டெட் ரென்ட் கட்டினேனே என்று இந்த வருட ராயல்டியில் கழிக்க அந்தப் பிரிவில் இடமில்லை.

ராயல்டி வரியா, விலையா என்று நம் ஊரிலிருந்து போன ஒரு வழக்கே பல வருடம் குழப்பம் செய்தது. சுண்ணாம்புக்கல் ராயல்டியின் மேல் தமிழ்நாடு போட்ட செஸ்ஸை எதிர்த்து இந்தியா சிமெண்ட் கம்பெனி நடத்திய வழக்கில், 1989-இல் ஏழு நீதிபதிகள் ராயல்டி ஒரு வரி என்றார்கள். 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றி, ராயல்டி வரி இல்லை, குத்தகைதாரர் கனிமத்துக்காகக் கொடுக்கும் ஒப்பந்தப் பிரதிபலன்தான் என்று தீர்ப்பளித்தது. விலைதான் என்று ஆன பிறகும் 9-ஏ பிரிவின் 'எது அதிகமோ அது' அப்படியேதான் இருக்கிறது.

மேலே போட்ட அதே ஐந்து வருட எண்களை இந்த முறையில் ஓட்டிப் பார்த்தால் 6, 6, 7, எட்டரை, 10 லட்சம் என்று மொத்தம் முப்பத்தேழரை லட்சம் வருகிறது. மூன்று தனியார் பத்திரங்களில் மிக இறுக்கமானதைவிடவும் 1 லட்சம் கூடுதல். இப்படிப்பட்ட குத்தகையில் ஷார்ட்வொர்க்கிங்ஸ் கணக்கைத் திறக்கவே வேலையில்லை. முதல் வருடத்து 4 லட்சமும் இரண்டாம் வருடத்து ஒன்றரை லட்சமும் அந்தந்த வருடமே நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போய்விடும். பட்டா நிலத்தில் குவாரி நடத்துபவருக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் ஒரு பக்கம், நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் ராயல்டி இன்னொரு பக்கம் என்று ஒரே கல்லின் மேல் இரண்டு கணக்கு ஓடும். கழிக்கும் உரிமை இரண்டாவதில் மட்டும்தான், அதுவும் பத்திரத்தில் எழுதியிருந்தால்.